கனமாவும் இருக்கு, ஆட்டமும் இருக்கு: டிராக்டர் ஸ்டியரிங் கோளாறை அடையாளம் வைத்துப் பிடிப்பது

கோபி, சத்தி பக்கம் நடவுக்கான சேற்றுழவு முடிந்த கையோடு பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கு ஒரே குறைதான். "வயல்ல திருப்ப முடியலீங்க, ரோட்டுக்கு வந்தா நேரா நிக்கவும் மாட்டேங்குதுங்க." பல்லடம், தாராபுரம் பக்கத்துச் செம்மண் காட்டில் ஓடும் வண்டியும் இதே குறையோடு வரும், என்ன, கொஞ்சம் தாமதமாக வரும். அங்கே கெடுப்பது தண்ணீர், இங்கே புழுதி.

வருவதற்கு முன்பே ஓட்டுபவர் இரண்டு வேலையில் ஒன்றைச் செய்து பார்த்திருப்பார். சக்கரத்தைத் திருப்பும் ராடின் முனை ஜாயிண்டான டை ராடு எண்டை மாற்றியிருப்பார், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கும் ஸ்க்ரூவை இறுக்கியிருப்பார். முதலாவது பல நேரம் வீண் செலவு. இரண்டாவது வண்டியை இன்னும் கெடுக்கும். ஏன் என்பது கீழே வரும்.

இங்கே சொல்வதெல்லாம் முன் சக்கரம் இழுக்காத, சாதாரண டூ வீல் டிரைவ் வண்டிக்கு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் ஆக்சிலுக்குள் கியரும் ஆயிலும் இருக்கிறது. அதைக் காட்டில் வைத்துப் பிரிக்க வேண்டாம்.

## ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டியும், அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்மும், ஆர்மிலிருந்து முன்னால் போகும் ராடும் இருந்தால் அது மெக்கானிக்கல் ஸ்டியரிங். ஆர்முக்குப் பதிலாக ஹோஸ்கள் மட்டும் கிளம்பி, முன் ஆக்சிலில் ஒரு சிலிண்டருக்குப் போனால் அது ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். இரண்டிலும் சக்கரத்துப் பக்கத்து வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆயில் விஷயம் மட்டும் முற்றிலும் வேறு.

அடுத்தது, கிரீஸ் கன்னை எடுக்காதீர்கள். இதை நான் சொன்னால் எல்லோரும் விநோதமாகப் பார்ப்பார்கள். தேய்ந்த புஷ்ஷுக்குள் புது கிரீஸை ஏற்றிவிட்டால் இடைவெளியை அதுவே அடைத்துக்கொள்ளும். அரை நாள் ஆட்டம் தெரியாது. "கிரீஸ் அடிச்சதும் சரியாப் போச்சுங்க" என்று போனவர் அடுத்த வாரம் திரும்ப வருவார். முதலில் காய்ந்த நிலையிலேயே ஆட்டிப் பாருங்கள், பிறகு கிரீஸ் அடியுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்னால் மாட்டியிருப்பதை இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி போட்டபின் ஆக்சிலுக்குக் கீழே மரக்கட்டையோ ஸ்டாண்டோ வைக்காமல் கை விடாதீர்கள். டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் தொங்குவதால், ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சாயும். அதனால் ஆக்சில் பீமுக்கும் அதைத் தாங்கும் சப்போர்ட்டுக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்பு அடித்துக்கொள்வது நல்லது.

## அடையாளம் 1: கனமாக இருக்கிறது, ஆட்டம் இல்லை

### முதலில் காற்று

முன் டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் கேஜ் வைத்துப் பார்ப்பவர் குறைவு. பின் டயரைப் பார்க்கிற கண்ணால் முன் டயரைப் பார்த்தால் தெரியாது. அளவு மேனுவலில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் கனத்தோடு ஒரு பக்கமாக இழுக்கவும் செய்யும். முன் லோடர் மாட்டிய வண்டியாக இருந்தால் பக்கெட்டைக் காலி செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். லோடின் எடையைக் கோளாறு என்று எண்ணிப் பாக்ஸைப் பிரித்தவர்களும் உண்டு.

### தூக்கினால் லேசாகிறதா?

முன்பக்கத்தை இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி தூக்கி, ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்புங்கள். பவர் ஸ்டியரிங் வண்டியில் இதற்கு எஞ்சின் ஓட வேண்டும். அப்போது யாரும் வண்டிக்குக் கீழே இருக்கக் கூடாது.

தூக்கியதும் லேசாகிவிட்டால், பாரம் ஏறும் இடத்தில் குறை. ஒன்று டயர், இல்லையென்றால் கிங் பின்னுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் திரஸ்ட் பேரிங். நம் பக்கத்து வண்டிகள் பலவற்றில் கிங் பின் தனியாக இருக்காது. சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்சிலிலிருந்து நேர் மேலே எழும் தண்டுதான் அது. ஆக்சில் முனையில் இருக்கும் குழாய்க்குள், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு புஷ்ஷில் அது திரும்பும். வண்டியின் முன்பாரம் முழுக்க அடியில் உள்ள அந்தத் திரஸ்ட் பேரிங்கில்தான் இறங்குகிறது. சேற்றில் முங்குவதும் அதுதான்.

வண்டி தூக்கிய நிலையிலேயே அங்கே கிரீஸ் அடியுங்கள். தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் அமுக்கிக்கொண்டிருப்பதால் கிரீஸ் பேரிங் முகத்துக்குப் போகாமல் சுலபமான வழியில் வெளியே வந்துவிடும். தூக்கினால் அந்த இடைவெளி திறக்கும். பழைய கறுப்புக் கிரீஸும் சேறும் வெளியே வந்து, புதுக் கிரீஸ் தலைகாட்டும்வரை அடியுங்கள். இடையிடையே சக்கரத்தைத் திருப்பிவிடுங்கள். நிப்பிளில் கிரீஸ் ஏறவே மாட்டேன் என்றால் நிப்பிளைக் கழற்றி டீசலில் கழுவிப் பாருங்கள். நிப்பிள் சுத்தமாக இருந்தும் ஏறவில்லையென்றால் உள்ளே வழி கெட்டியாக அடைத்துப் போயிருக்கிறது. அது கழற்ற வேண்டிய வேலை.

### தூக்கியும் கனமாகவே இருந்தால்

இங்கேதான் தேடலை இரண்டாகப் பிரிக்கும் சோதனை இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்து டை ராடு எண்டைக் கழற்றிச் சக்கரத்தைத் தனியாக விடுங்கள். கையால் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்ல கிங் பின் ஒரு கையின் தள்ளலுக்கே திரும்பும். இரண்டு கையும் போட்டுத் தள்ள வேண்டியிருந்தால், அல்லது விட்டுவிட்டுத் திரும்பினால், கனம் அந்தக் கிங் பின்னில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டும் லேசாக இருந்தால் மட்டுமே மேலே பாக்ஸுக்குப் போங்கள்.

மெக்கானிக்கல் வண்டியின் பாக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது ஆயில். பக்கவாட்டிலோ மேலோ ஒரு லெவல் பிளக் இருக்கும். பல வண்டிகளுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான். மேனுவல் வேறு சொன்னால் அதையே ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றி விரலோ கம்பியோ விட்டுப் பாருங்கள். ஆயில் தொடவில்லையென்றால் எங்கே போனது என்றும் பார்க்க வேண்டும். டிராப் ஆர்ம் வெளியே வரும் இடத்தில் ஈரமான அழுக்கு தடிப்பாகப் படிந்திருந்தால் அந்த ஆயில் சீல் போயிருக்கிறது. சீல் மட்டும் என்றால் செலவு கம்மிதான். ஆனால் ஆர்மைக் கழற்றப் புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் அந்த அடி பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்குக்குப் போகும்.

சிலர் ஆயில் ஒழுகுகிறது என்று பாக்ஸுக்குள் கிரீஸை அடைத்து வைக்கிறார்கள். கிரீஸ் ஒரு தரம் ஓரமாக ஒதுங்கிவிட்டால் திரும்பி வராது. உள்ளே இருக்கும் வார்மும் உருளைகளும் காய்ந்தே ஓடும்.

ஆயில் லெவலில் இருந்தும், சக்கரம் லேசாக இருந்தும் கனம் போகவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பாக்ஸைத் திறப்பது வீட்டு வேலை அல்ல.

## அடையாளம் 2: ஆட்டம் மட்டும், கனம் இல்லை

மெக்கானிக்கல் ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். விளிம்பில் இரண்டு மூன்று விரல் அகலம் வரை பயப்பட ஒன்றுமில்லை. ஒரு சாண் போனால் தேட வேண்டும்.

இதற்கு வண்டியைத் தூக்கக் கூடாது. சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஆட்டம் இருக்கும் இடம் தெரியும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டட்டும். அது மெக்கானிக்கல் வண்டி என்றால் எஞ்சின் நின்றிருக்கட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் ஐடிலில், நியூட்ரலில் ஓடட்டும், ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் இருக்கட்டும், நீங்கள் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிற்காமல் பக்கவாட்டிலிருந்து கை நீட்டுங்கள். ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும், இரண்டு பாகங்களையும் சேர்த்துத் தொடுகிற மாதிரி விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

ஸ்டியரிங்கிலிருந்து தொடங்கி வரிசையாகச் சக்கரம் வரை போங்கள். ஸ்டியரிங் திரும்பியும் டிராப் ஆர்ம் அசையவில்லையென்றால் ஆட்டம் பாக்ஸிலோ தண்டின் ஜாயிண்டிலோ இருக்கிறது. ஆர்ம் அசைந்து ராடு தாமதமாக அசைந்தால் அந்த எண்ட். ராடு அசைந்து, கிங் பின் தலையில் இருக்கும் ஆர்ம் தாமதித்தால் அடுத்த எண்ட். ஆர்ம் அசைந்தும் சக்கரம் தாமதித்தால்?

இந்தக் கடைசி இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். கிங் பின்னின் தலையில் அந்த ஆர்ம் பல்லிலோ சாவியிலோ உட்கார்ந்து, ஒரு போல்டால் இறுக்கப்பட்டிருக்கும். போல்ட் தளர்ந்தால் ஆர்ம் திரும்பிய பிறகுதான் தண்டு திரும்பும். நாலு எண்டையும் புதிதாக மாற்றியும் ஆட்டம் அப்படியே இருக்கும். போல்டை இறுக்கிப் பாருங்கள். போய்விட்டால் செலவே இல்லை. பல் மழுங்கியிருந்தால் இறுக்கியும் நிற்காது. ஆர்மையும், சில நேரம் ஸ்டப்பையும் மாற்ற வேண்டிவரும். கழற்றும் முன் ஆர்முக்கும் தண்டுக்கும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் சக்கரம் கோணலாக நிற்கும்.

### டை ராடு எண்ட் என்று உறுதியானால்

ஸ்பிலிட் பின்னை எடுத்துக் காசில் நட்டைத் தளர்த்துங்கள், முழுசாகக் கழற்ற வேண்டாம். எண்டின் மரையில் சுத்தியல் படவே கூடாது. எண்ட் உட்கார்ந்திருக்கும் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனத்த சுத்தியலை அண்டைக் கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் சுருக்கென்று அடித்தால் டேப்பர் விடுபட்டுக் கீழே இறங்கும். நட்டு மாட்டியே இருப்பதால் ராடு காலில் விழாது.

ராடிலிருந்து எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டு, புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். சில ராடுகளில் ஒரு முனை இடது மரை. எண்ட் வராமல் அடம்பிடித்தால் அது இடது மரையா என்று பார்த்துவிட்டுப் பலம் போடுங்கள். காசில் நட்டை இறுக்கும்போது பின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முன்னே இறுக்குங்கள். பின் போடுவதற்காக நட்டைத் தளர்த்தக் கூடாது. ஸ்பிலிட் பின்னுக்குப் பதில் ஆணியையும் கட்டுக்கம்பியையும் மாட்டிய வண்டிகளைப் பார்க்கிறேன். கரும்பு லோடு ஏற்றி மில்லுக்குப் போகிற வண்டியில் அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த எண்ட் விழுந்தால் ஒரு சக்கரம் தன் போக்கில் திரும்பும், ஸ்டியரிங்கால் அதைப் பிடிக்க முடியாது.

## அடையாளம் 3: புதுசு மாற்றினேன், சீக்கிரமே மறுபடி ஆடுகிறது

எண்ட் மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஆர்மின் கண்ணைப் பாருங்கள். பழைய எண்ட் நட்டுத் தளர்ந்து பல நாள் ஆடியிருந்தால் அந்த டேப்பர் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். புது எண்டின் டேப்பரில் சாக்பீஸைப் பூசி உள்ளே விட்டு, ஒருமுறை திருகி எடுங்கள். சுற்றி முழுக்க சாக் தேய்ந்திருந்தால் ஓட்டை நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ஆர்ம் போய்விட்டது. எத்தனை எண்ட் போட்டாலும் நிற்காது.

ஓட்டையும் நன்றாக இருந்தால் கிங் பின்னுக்குப் போக வேண்டியதுதான். தண்டே ஆடும்போது அந்த உதறலெல்லாம் எண்டில்தான் போய் விழும்.

## அடையாளம் 4: கனமும் ஆட்டமும் சேர்ந்து

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். ஆனால் மெக்கானிக்கல் வண்டியில் இரண்டையும் ஒருசேரக் கொடுக்கக் கூடியது பெரும்பாலும் கிங் பின்தான். காய்ந்து ஓடிய புஷ் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகும், அது ஆட்டம். அதே குழாயில் துருவும் சேறும் சேர்ந்து, திரஸ்ட் பேரிங் உடைந்து இறுகும், அது கனம்.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்து விவசாயி ஒருவரின் வண்டியைச் சொல்கிறேன். நாற்பது குதிரைச் சக்திக்குக் கொஞ்சம் மேலே, மெக்கானிக்கல் ஸ்டியரிங், இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் போட்டுச் சேற்றில் ஓடுவதே பிரதான வேலை. வந்தவர், "ஏனுங்கண்ணா, நாலு எண்டும் புதுசுங்க. பாக்ஸையும் இறுக்கியாச்சுங்க. அப்பறமும் ரோட்ல ஆடுது, வயக்காட்டுல தோள் கழண்டுருதுங்க" என்றார்.

"பாக்ஸை இறுக்குனதுக்கு அப்பறம் கனமாச்சுங்களா, முன்னாடியேவா?"

"முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சுங்க. இப்ப ரொம்பங்க."

ஸ்க்ரூ விஷயம் இதுதான். பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள் நேராக ஓட்டும் நடு இடத்தில்தான் அதிகம் தேயும். வண்டி அங்கேதான் அதிக நேரம் இருக்கிறது. இரண்டு கோடியிலும் தேய்மானம் குறைவு. நடுவில் ஆட்டம் போகும்வரை ஸ்க்ரூவை இறுக்கினால் கோடியில் பிடித்துக்கொள்ளும். வரப்போரம் முழுசாக மடக்கும்போது தோள் கழல்வது அதனால்தான். போதாக்குறைக்கு, ஆட்டம் வேறு இடத்தில் இருக்கும்போது பாக்ஸை இறுக்கினால் ஆட்டம் போகாது, கனம் மட்டும் கூடும்.

தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தோம். டிராப் ஆர்ம் உடனே அசைந்தது, எண்டுகள் எல்லாம் உடனே அசைந்தன. இடது பக்கம் மட்டும், கிங் பின்னின் தலை ஆர்மோடு சேர்ந்து முதலில் பக்கவாட்டில் சாய்ந்து, அப்புறம்தான் திரும்பியது. தண்டு திரும்புவதற்குப் பதில் சாய்ந்தால் புஷ் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து இடது பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுத்துப் பார்த்தோம். டக் டக்கென்று அடித்தது. இங்கே ஒரு குழப்பம் வரும். வீல் பேரிங் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் அடிக்கும். காரில் பிரேக்கை மிதித்துப் பார்த்து இரண்டையும் பிரிப்பார்கள். இந்த டிராக்டரின் முன் சக்கரத்தில் பிரேக்கே இல்லை, அந்த வழி உதவாது. ஒருவர் சக்கரத்தை ஆட்ட, இன்னொருவர் ஹப்புக்குப் பின்னால் ஹப்பும் ஸ்டப்பும் சேரும் இடுக்கில் விரல் வைக்க வேண்டும். அந்த இடுக்கு திறந்து மூடினால் வீல் பேரிங். ஹப்பும் ஸ்டப்பும் ஒன்றாகவே அசைந்து, ஸ்டப்புக்கும் ஆக்சில் குழாய்க்கும் நடுவில் அசைவு தெரிந்தால் கிங் பின் புஷ். இங்கே இரண்டாவதுதான்.

டை ராடு எண்டை விடுவித்துச் சக்கரங்களைக் கையால் திருப்பினோம். வலது பக்கம் ஒரு கைக்குப் போனது. இடது பக்கம் பாதி தூரம் போய் நின்று, உந்தித் தள்ளினால் நறநறவென்று நகர்ந்தது. கனம், ஆட்டம் இரண்டுக்கும் விலாசம் கிடைத்துவிட்டது.

ஆர்மைக் கோடு போட்டுக் கழற்றி, ஆக்சிலைக் கட்டையில் நிறுத்தி, ஸ்டப்பைக் கீழே இறக்கினோம். சக்கரத்தை முன்பே கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் ஒரேயடியாக இறங்கும். கீழ்ப் புஷ் ஒரு பக்கம் காகிதமாக மெலிந்திருந்தது. திரஸ்ட் பேரிங்கின் குண்டுகளில் சில இல்லவே இல்லை. அடி சீல் கிழிந்து, உள்ளே வயல் சேறு காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. மேல் நிப்பிளில் கிரீஸ் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது கீழே போய்ச் சேரவே இல்லை.

அடுத்த முடிவு தண்டைப் பார்த்து எடுக்க வேண்டியது. புஷ் உட்காரும் இடத்தில் நகத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். படி மாதிரி நகம் தட்டினால் தண்டும் தேய்ந்துவிட்டது. அதில் புதுப் புஷ் மட்டும் போட்டால் நாள் தாங்காது. இந்த வண்டியில் நகம் தட்டவில்லை. ஆகவே இரண்டு புஷ், திரஸ்ட் பேரிங், சீல் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. புஷ்ஷைப் பிரஸ்ஸில் ஏற்றி, தண்டு கையால் தள்ளினால் வழுக்கிப் போகிற அளவுக்கு ரீமர் போட வேண்டும். புஷ்ஷின் கிரீஸ் ஓட்டை நிப்பிள் ஓட்டைக்கு நேராக வந்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டால் புதுப் புஷ்ஷும் காய்ந்தே ஓடும். பிரஸ், ரீமர் இரண்டும் லேத் பட்டறையில் இருக்கும், பாகத்தைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

தண்டு தேய்ந்திருந்தால் ஸ்டப்பைப் புதிதாக வாங்குங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை, வெல்டு வைத்துக் கடைந்து தருகிறோம் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். முன்பாரம் முழுக்கத் தாங்கித் திரும்பும் தண்டு அது. வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் விட்டால் உடைவது ரோட்டில்தான்.

கடைசியாக, அவர் இறுக்கிய பாக்ஸ் ஸ்க்ரூவைத் தளர்த்தினோம். ராடைக் கழற்றி, ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி எண்ணி, சரியாக நடுவில் நிறுத்தி, அங்கே ஆட்டம் முழுசாகப் போகும்வரை இறுக்காமல் வைத்து லாக் நட்டைப் போட்டோம். பிறகு இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்தோம், எங்கேயும் பிடிக்கவில்லை. நடுவில் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருந்தது, அதை அப்படியே விட்டோம். நாலு எண்டுக்குக் கொடுத்த காசு அவருக்குத் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

## அடையாளம் 5: பவர் ஸ்டியரிங் கனக்கிறது, இல்லாவிட்டால் விட்டுவிட்டு இழுக்கிறது

இந்த வகையில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு கிடையாது, ஆயில் மட்டும்தான். அதனால் ஆயில் குறைந்தாலே கனம், ஆட்டம் இரண்டும் வந்துவிடும்.

டேங்கின் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சில வண்டிகளில் தனி டேங்க் இருக்கும், சிலவற்றில் கியர் பாக்ஸ் ஆயிலையே பம்ப் எடுத்துக்கொள்ளும். எது என்று தெரியாமல் ஊற்றாதீர்கள். எந்த ஆயில் என்பதற்கும் மேனுவல்தான். ஏற்கெனவே இருப்பதோடு வேறு வகையைக் கலக்கக் கூடாது. திருப்பும்போது பம்பிலிருந்து கீச்சென்ற முனகல் வந்து, ஆயிலில் நுரை தெரிந்தால் காற்று ஏறியிருக்கிறது. லெவல் குறைந்திருக்கும், அல்லது பம்புக்கு வரும் உறிஞ்சும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கும். அந்த ஹோஸ் ஆயிலை வெளியே விடாமல் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும், ஆகவே ஒழுகலைத் தேடினால் கிடைக்காது. கிளிப்பை இறுக்கி, லெவலைச் சரிசெய்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஐடிலில் பலமுறை கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பினால் காற்று வெளியேறும். கோடியில் பிடித்தபடி நிறுத்தி வைக்காதீர்கள், பம்ப் சூடாகும். நடுநடுவே லெவலைப் பாருங்கள்.

ஆயில் வெள்ளையாக, மோர் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மேலே ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. முழுக்க இறக்கி, ஃபில்டரோடு மாற்ற வேண்டும்.

லெவல் சரி, நுரை இல்லை, ஆனாலும் ஐடிலில் கனமாகவும் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் லேசாகவும் இருந்தால் பம்ப் தளர்ந்து வருகிறது. ஸ்டியரிங்கைக் கோடிக்குத் திருப்பி, சாதாரண பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள், சில நொடிக்கு மேல் வேண்டாம். சக்கரம் கோடியில் நின்றுவிட்ட பிறகும் ஸ்டியரிங் கையோடு நழுவிச் சுற்றிக்கொண்டே போனால், ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் வால்வு யூனிட்டிலோ சிலிண்டரின் உள் சீலிலோ ஆயில் கசிகிறது. இந்த மூன்றுக்கும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கிற ஆள்தான் வேண்டும். கேஜ் இல்லாமல் ஊகத்தில் யூனிட்டை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இங்கே விலை அதிகமான சாமான் அதுதான்.

ஒழுகும் ஹோஸைக் கையால் தடவித் தேட வேண்டாம். பிரஷரில் ஊசி போல வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையை நீட்டிப் பாருங்கள். அப்படி யாருக்காவது பட்டுவிட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

சிலிண்டரின் இரு முனையிலும் ஒரு பின்னோ பால் ஜாயிண்டோ இருக்கும். பவர் ஸ்டியரிங்கில் "ஆயில் சரி, எண்ட் சரி, ஆனாலும் ஆடுது" என்றால் முதலில் அங்கே விரலை வையுங்கள்.

## அடையாளம் 6: நேர் ரோட்டில் சரி, மேடு பள்ளத்தில் மூக்கு ஆடுகிறது

ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே பாத்தி வரப்பைத் தாண்டும்போது முன்பக்கம் டொக்கென்று அடித்தால், அல்லது பிரேக் போடும்போது ஆக்சில் முன்னும் பின்னும் நகர்ந்தால், ஆக்சிலை நடுவில் தாங்கும் சென்டர் பின்னைப் பாருங்கள். ஜாக்கியை ஆக்சிலுக்குக் கீழே வைக்காமல், ஆக்சிலைத் தாங்கும் முன் சப்போர்ட்டுக்குக் கீழே வைத்துத் தூக்குங்கள். எஞ்சின் சம்ப்பில் வைத்துவிடாதீர்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் மர ஆப்பு வேண்டாம், அது இருந்தால் ஆட்டம் தெரியாது. பீமுக்கும் சப்போர்ட்டுக்கும் இடையில் கடப்பாரையை விட்டு மேலும் கீழும் நெம்புங்கள். டக்கென்று எழும்பி விழுந்தால் பின்னோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. முன்னும் பின்னும் மட்டும் ஆட்டம் என்றால் பல வண்டிகளில் வாஷர் சேர்த்தே சரிசெய்யலாம், செலவு சின்னது. பின்னை மாற்ற வேண்டும் என்றால் முன் ஆக்சிலையே இறக்க வேண்டும். ஆளும் ஜாக்கியும் உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

## எந்த வேலை முடித்தாலும்

எண்டோ கிங் பின்னோ மாற்றினால் டோ இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் எவ்வளவு உள்நோக்கி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, ஹப் உயரத்தில், இரண்டு டயரின் நடுக்கோட்டிலும் முன்பக்கம் சாக் புள்ளி வைத்து இடைவெளியை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். வண்டியை நேராக அரைச் சுற்று உருட்டி, அதே புள்ளிகள் பின்பக்கம் வந்ததும் திரும்ப அளங்கள். டயர் சமமாக இல்லாவிட்டாலும் அளவு ஏமாற்றாமல் இருக்கத்தான் அதே புள்ளியை உருட்டி அளப்பது. முன்னளவு பின்னளவைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும், சரியான எண் மேனுவலில். ராடைச் சுற்றி அதைக் கொண்டுவந்து, லாக் நட்டை இறுக்குங்கள்.

அன்றைக்கே லோடு ஏற்றி ரோட்டுக்குப் போகாமல் ஒரு நாள் காட்டில் ஓட்டுங்கள். மறுநாள் காலையில் ஆர்ம் போல்டையும் காசில் நட்டுகளையும் இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள். புது டேப்பர் உட்கார்ந்ததும் நட்டு ஒரு நூல் தளர்ந்திருக்கும். ஸ்பிலிட் பின்னை எடுத்து, இறுக்கி, புதுப் பின் போடுங்கள்.